சர்க்கரைப் படம்: ஞாயிறு வகுப்புக்குள் திருத்தி வாருங்கள்

படிவம் 4 மாணவர்களுக்கு,

இரத்தத்தில் சர்க்கரை அளவை உடல் எப்படிச் சீராக வைக்கிறது என்று போன வாரம் வரைந்து கொடுத்த படங்களைப் பார்த்தேன். 23 பேரில் 17 பேர் 'கட்டுப்படுத்தி' என்ற பெட்டிக்குள் மூளையைப் போட்டிருக்கிறீர்கள். உடல் வெப்பநிலைப் படத்தில் அது சரி. அங்கே ஹைப்போதலாமஸ் உட்கார்ந்திருக்கும். அந்தப் படத்தையே சர்க்கரைக்கும் காப்பியடித்துவிட்டீர்கள்! இங்கே கணையத்தின் லாங்கர்ஹான்ஸ் திட்டுகள்தான் உணர்வி, கட்டுப்படுத்தியும் அவையே. பீட்டா செல் சர்க்கரை ஏறியதை உணர்கிறது, இன்சுலினையும் தானே விடுகிறது. ஆகவே இரண்டு பெட்டி வரைந்து, இரண்டையும் சேர்த்துப் புள்ளிக்கோட்டால் வளைத்து 'கணையம்' என்று எழுதுங்கள். நரம்புகளும் கொஞ்சம் தலையிடும், ஆனால் இந்தப் படத்துக்கு அது வேண்டாம்.

முதலில் தாளின் நடுவில் 'இரத்த குளுக்கோஸ்' பெட்டி. அதன் பக்கத்தில் இயல்பு அளவு: வெறும் வயிற்றில் லிட்டருக்குச் சுமார் 4 முதல் 5.5 மில்லிமோல். (இந்தியாவில் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. அங்கிருந்து வந்த மாமா "எனக்கு சுகர் 126" என்றால் பயப்படாமல் 18-ஆல் வகுங்கள், 7 வரும். அப்புறம் பயப்படலாம்.)

மாமாக் கடையில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் முடித்துவிட்டு எழுந்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மேல் வட்டம் இப்படிப் போகும்:

குளுக்கோஸ் →(+) பீட்டா செல் →(+) இன்சுலின் →(+) தசை, கொழுப்புத் திசு, கல்லீரல் →(−) குளுக்கோஸ்

செயலிகள் என்பவை அந்தக் கடைசி மூன்றும். தசையும் கொழுப்புத் திசுவும் குளுக்கோஸை உள்ளே இழுக்கின்றன. கல்லீரல் அதைக் கிளைக்கோஜனாகச் சேமிக்கிறது. புவாசா மாதத்தில் பகல் முழுக்க நோன்பிருக்கும் நண்பருக்குக் கீழ் வட்டம்:

குளுக்கோஸ் →(−) ஆல்ஃபா செல் →(+) குளுக்ககான் →(+) கல்லீரல் →(+) குளுக்கோஸ்

முதல் அம்புக்கு ஏன் கழித்தல்? குளுக்கோஸ் குறையக் குறைய ஆல்ஃபா செல் அதிகம் வேலை செய்கிறது, எதிர்த்திசை. ஒவ்வொரு வட்டத்திலும் கழித்தல் குறிகளை எண்ணிப் பாருங்கள், ஒன்றுதான். ஒற்றைப்படையில் கழித்தல் வந்தால் அது எதிர்மறைப் பின்னூட்டம். 'எதிர்மறை' என்றால் கெட்டது என்று எழுதிய இருவர் இந்த வரியை மறுபடி படிக்கவும்.

இன்னொரு தவறு, பலர் கண்ணில் படாதது: கல்லீரலிலிருந்து அம்பை நேரே கணையத்துக்குத் திருப்பிவிட்டீர்கள். கல்லீரல் கணையத்துக்குக் கடிதம் எழுதுவதில்லை. அம்பு குளுக்கோஸ் பெட்டிக்குத்தான் திரும்ப வேண்டும். கணையம் இரத்தத்தை ருசி பார்த்தே தெரிந்துகொள்கிறது. அப்படித்தான் வட்டம் மூடும்.

வரைந்து முடித்ததும் சிவப்புப் பேனாவால் இரண்டு வெட்டுகள் போடுங்கள். முதலாம் வகை நீரிழிவுக்கு எந்தப் பெட்டியில்? இரண்டாம் வகையில் திசுக்கள் இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்பதில்லை. அந்த வெட்டு முதலில் எந்த அம்பில் விழும்?

ஞாயிறு காலை 9 மணி, ஏ4 தாள், பென்சில். அம்பு முனை தெளிவாக இருக்கட்டும்.