பதினோராம் வகுப்பில் பாடப்பிரிவு மாற்றம் கோரும் விண்ணப்பம்

அனுப்புநர்:
ம. கயல்விழி,
பதினோராம் வகுப்பு ‘அ’ பிரிவு (கணிதம் - உயிரியல்),
அரசு மேல்நிலைப் பள்ளி,
நல்லூர், விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்:
தலைமை ஆசிரியர் அவர்கள்,
அரசு மேல்நிலைப் பள்ளி,
நல்லூர், விருதுநகர் மாவட்டம்.

பொருள்: கணிதம் - உயிரியல் பாடப்பிரிவிலிருந்து, வணிகக் கணிதம் உள்ள வணிகவியல் பாடப்பிரிவுக்கு மாற அனுமதி வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா,

வணக்கம். இந்தக் கல்வியாண்டில் நம் பள்ளியில் பதினோராம் வகுப்பு முதல் குரூப்பில் சேர்ந்து படித்து வருகிறேன். இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் ஆகிய பாடங்களுக்குப் பதிலாக வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல், வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல் ஆகியவற்றைப் படிக்க அனுமதிக்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அப்பாவும் அம்மாவும் இதற்குச் சம்மதித்துக் கையெழுத்திட்ட கடிதத்தை இணைத்திருக்கிறேன்.

பத்தாம் வகுப்பில் நான் 437 மதிப்பெண் எடுத்தேன். கணிதத்தில் 96, அறிவியலில் 78. சேர்க்கையின்போது மொத்த மதிப்பெண்ணைப் பார்த்து முதல் குரூப் கிடைத்தது. “நல்ல மார்க் எடுத்துட்டு காமர்ஸ் எடுப்பாங்களா?” என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்டார்கள். வீட்டிலும் அதுவே சரி என்று பட்டது. அப்பா விருதுநகரில் ஒரு பருப்பு மண்டியில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலை பார்க்கிறார்; பெண் டாக்டராகவோ இன்ஜினியராகவோ வரவேண்டும் என்று அவர் ஆசைப்பட்டதில் தப்பில்லை. ஆனால் நான் படிக்க விரும்புவது பட்டயக் கணக்காளர் படிப்பு, அதாவது சி.ஏ. அதை அப்பாவிடம் சொல்லிப் புரியவைக்கத்தான் இவ்வளவு நாளாகிவிட்டது.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று தாங்கள் கேட்கலாம். அம்மா எங்கள் தெரு மகளிர் சுயஉதவிக் குழுவின் ஊக்குநர். எட்டாம் வகுப்பிலிருந்து அந்தக் குழுவின் சேமிப்புப் பதிவேட்டையும் கடன் பதிவேட்டையும் நான்தான் எழுதி வருகிறேன். ஒருமுறை எங்கள் ரொக்க ஏட்டில் இருந்த வங்கி இருப்பைவிட பாஸ் புத்தகத்தில் 86 ரூபாய் 30 காசு கூடுதலாக இருந்தது. குறைந்தால் சண்டை வரும், கூடினால் யாருக்கும் கவலையில்லை. “விடுடி, நமக்கு லாபம்தானே” என்றார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்தபோது, வங்கி 104 ரூபாய் வட்டி வரவு வைத்திருந்ததும், எஸ்.எம்.எஸ். கட்டணமாக 17 ரூபாய் 70 காசு பிடித்திருந்ததும் தெரிந்தது. இரண்டும் எங்கள் ஏட்டில் ஏறவே இல்லை. அந்த 17.70 என்பதே 15 ரூபாய் கட்டணமும் அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்ந்த தொகை என்பதையும் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தேன். சென்ற மாதம் வணிகவியல் பிரிவுத் தோழியின் கணக்குப்பதிவியல் புத்தகத்தைப் புரட்டியபோது, நான் செய்த அதே வேலை ‘வங்கிச் சரிகட்டும் பட்டியல்’ என்று ஒரு தனிப் பாடமாகவே இருந்தது. அன்று இரவு அந்தப் பாடத்தின் கணக்குகளை யாரும் சொல்லித் தராமலேயே போட்டுப் பார்த்தேன். பெரும்பாலானவற்றுக்கு விடை சரியாக வந்தது.

சி.ஏ. அடிப்படைத் தேர்வை எந்தக் குரூப் படித்தவரும் எழுதலாம் என்பது எனக்குத் தெரியும். அப்படியானால் இங்கேயே இருந்து பிறகு எழுதலாமே என்று தங்களுக்குத் தோன்றும். எங்கள் வகுப்பாசிரியரும் அதையேதான் கேட்டார். அந்தத் தேர்வில் உள்ளவை நான்கு தாள்கள்: கணக்கியல், வணிகச் சட்டங்கள், கணிதம் - புள்ளியியல் - தர்க்கம் சேர்ந்த ஒரு தாள், வணிகப் பொருளியல். முதல் குரூப்பில் இருந்தால் கணிதம் தவிர மற்றதெல்லாம் பிளஸ் டூ முடித்தபின் முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கும். தனியார் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட எங்களால் முடியாது. வணிகவியல் பிரிவில் இருந்தால் அந்த அடிப்படையை இரண்டு வருடமும் நம் ஆசிரியர்களிடமே கற்றுக்கொள்ள முடியும். ஒருவேளை சி.ஏ. நினைத்தபடி அமையாவிட்டாலும் பி.காம். படிக்க வேண்டும் என்று இருக்கிறேன். பெரும்பாலான கல்லூரிகளில் பி.காம். சேர்க்கைக்கு வணிகவியல், கணக்குப்பதிவியல் படித்தவர்களைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

இந்த மாற்றத்தால் எதை இழக்கிறேன் என்பதையும் யோசித்திருக்கிறேன். மருத்துவம், பொறியியல், வேளாண்மை ஆகிய படிப்புகளுக்குப் பிறகு என்னால் போக முடியாது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படிப்பதால் எனக்குக் கிடைக்கக்கூடிய 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டை அந்தப் படிப்புகளில் பயன்படுத்தவும் முடியாது. அப்பாவுக்கு இருந்த பெரிய வருத்தம் அதுதான். சட்டப் படிப்புக்கு அந்த ஒதுக்கீடு உண்டு, அதற்கு எந்தக் குரூப்பும் தடையில்லை என்று சொன்னேன். பி.காம். சேர்ந்தாலும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கும் என்றும் சொன்னேன். அதன் பிறகுதான் சரி என்றார்.

இயற்பியலுக்கும் உயிரியலுக்கும் பயந்து ஓடுகிறாள் என்று தாங்கள் நினைத்துவிடக் கூடாது. இதுவரை நடந்த வகுப்புத் தேர்வுகளில் எந்தப் பாடத்திலும் நான் தோல்வி அடையவில்லை. தேர்ச்சி பெற இந்தப் பிரிவிலும் என்னால் முடியும். ஆனால் உயிரியலைக் கடமைக்கு மனப்பாடம் செய்கிறேன். அதை உண்மையாகவே விரும்பிப் படிக்கிற ஒருவருக்கு என் இடம் கிடைத்தால் நல்லது. முதல் குரூப் கிடைக்காமல் வேறு பிரிவில் சேர்ந்தவர்கள் நம் பள்ளியிலேயே இருக்கிறார்கள்.

வணிகவியல் ஆசிரியை அவர்களைச் சந்தித்துப் பேசினேன். அந்தப் பிரிவில் இடம் இருப்பதாகவும், தங்கள் அனுமதி கிடைத்தால் சேர்த்துக்கொள்வதாகவும் சொன்னார். கணக்குப்பதிவியலில் அடிப்படைக் கருத்துகள் முடிந்து குறிப்பேட்டுப் பதிவுகள் நடந்துகொண்டிருக்கின்றன. இதுவரை நடத்தியவற்றைத் தோழியின் நோட்டிலிருந்து எழுத ஆரம்பித்துவிட்டேன். மற்ற மூன்று பாடங்களில் விட்டுப்போனதை, ஆசிரியர்கள் சொல்லும் நேரத்தில் மாலையோ சனிக்கிழமையோ வந்து முடித்துவிடுவேன். பேருந்து பற்றிக் கவலையில்லை, வீடு பக்கத்தில்தான்.

முதல் இடைத் தேர்வு தொடங்குவதற்கு முன்பே மாற்றம் கிடைத்தால், புதிய பாடங்களிலேயே அந்தத் தேர்வை எழுதிவிடுவேன். எமிஸ் தளத்தில் என் பாடப்பிரிவைத் திருத்த வேண்டியிருக்கும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். தாமதமானால் அவர்களுக்கும் அது கூடுதல் வேலை. எனக்கு வழங்கிய விலையில்லாப் பாடநூல்களில் எதிலும் பெயர் எழுதவில்லை, அட்டை போட்டுச் சுத்தமாக வைத்திருக்கிறேன். திருப்பித் தரச் சொன்னால் மறுநாளே ஒப்படைத்துவிடுகிறேன்.

நேரில் விளக்கம் கேட்க விரும்பினால், அம்மா எந்த நாளும் வருவார். அப்பாவுக்கு ஞாயிறு தவிர மண்டியில் விடுப்பு கிடைப்பது கடினம் என்றாலும், தாங்கள் அழைத்தால் ஒருநாள் காலை வேலைக்குப் போகும் முன் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

என் கோரிக்கையைப் பரிசீலித்து, பாடப்பிரிவு மாற்றத்துக்கு அனுமதி வழங்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி,
ம. கயல்விழி

இடம்: நல்லூர்
நாள்: 07.07.2025

இணைப்பு: பெற்றோர் சம்மதக் கடிதம், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் நகல்.