மழையா, உரமா? இரண்டு வயல்களை முன்வைத்து ஓர் உரையாடல்

மன்னார்குடி வட்டாரத்தின் ஒரு கிராமத்தில், சம்பா அறுவடைக்கு இரண்டு நாள் முன்பு, வரப்பில் நின்றபடி விவசாயியும் உதவி வேளாண்மை அலுவலரும் பேசிக்கொண்டது.

விவசாயி: வாருங்கள் சார். போன வருடம் இரண்டு வயலிலும் ஒரு மா நிலத்துக்குப் பதினொரு மூட்டை நெல் கண்டேன். இந்த வருடம் மேட்டு வயலில் பத்து தேறும், பள்ளத்து வயலில் ஏழு வந்தாலே பெரிது. இரண்டிலும் அதே சி.ஆர். 1009 நெல் ரகம், ஒரே நாற்று, ஒரே வாரத்தில் நடவு, உரத்திலும் கைப்பிடி கூடக் குறைக்கவில்லை. ஆகவே இது மழையின் வேலைதான்.

அலுவலர்: போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் உள்ள வேறுபாட்டை உரத்தின் மேல் போட முடியாது என்பது சரிதான் ஐயா, உரம் மாறவில்லையே. ஆனால் அதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். அடுத்தடுத்த இந்த இரண்டு வயல்களிலும் பெய்தது ஒரே மழை. அப்படியிருக்க, ஒன்று பத்தும் மற்றொன்று ஏழுமாக எப்படிப் பிரிந்தன?

விவசாயி: பெய்தது ஒன்றுதான், நின்றது ஒன்றல்லவே. மேட்டில் விழுந்த தண்ணீரும் பள்ளத்துக்குத்தான் வருகிறது. வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டதால் ஐப்பசியில் ஒரு வாரம் வரப்பு மூழ்கத் தண்ணீர் நின்றது.

அலுவலர்: அந்த வாரத்துக்கு முன்பா, பின்பா மேலுரம் போட்டீர்கள்?

விவசாயி: இரண்டு நாள் முன்பு, மாவுக்குப் பத்து கிலோ யூரியா. வானம் வெளுத்திருக்கிறதே என்று நம்பிப் போட்டேன்.

அலுவலர்: அப்படியானால் பயிரையே கேட்டுப் பார்ப்போம். இரண்டு வயலிலும் நடுவில் இறங்கி, வரப்போரம் தவிர்த்து, சில குத்துகளில் கதிர்களை எண்ணலாம்.

(இருவரும் இறங்கி எண்ணுகிறார்கள். மேட்டு வயலில் குத்துக்குச் சராசரியாகப் பதினாறு கதிர்கள், பள்ளத்தில் பதினொன்று. அலுவலர் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு கதிரை உள்ளங்கையில் உருவி, மணியையும் பதரையும் பிரிக்கிறார். மேட்டுக் கதிரில் நூற்றைம்பதுக்கு இருபத்து மூன்று பதர், பள்ளத்துக் கதிரில் இருபத்து நான்கு.)

விவசாயி: பதர் இரண்டிலும் ஒன்றாகத்தான் இருக்கிறது.

அலுவலர்: அதுதான் கவனிக்க வேண்டியது. பூக்கும் சமயத்தில் மழை அடித்தால் மகரந்தம் கழுவப்பட்டு மணி பிடிக்காமல் பதராகும், ஆனால் கதிர்களின் எண்ணிக்கை குறையாது, ஏனென்றால் கதிர் தாங்கும் தூர்கள் அடியிலிருந்து வெடிப்பது அதற்கு வெகு முன்பே முடிந்துவிடும். மேடு இந்த வருடம் பதினொன்றிலிருந்து பத்துக்கு இறங்கியதற்குப் பூப்பு மழை காரணமாக இருக்கலாம். பத்துக்கும் ஏழுக்கும் உள்ள இடைவெளியோ தூர் கட்டும் பருவத்தில் விழுந்தது. பதினாறில் பதினொன்று என்றால், பத்து மூட்டைக்கு ஏறக்குறைய ஏழு என்ற கணக்கே வருகிறது.

விவசாயி: பக்கத்து வயல்காரர் ஒரு மூட்டை யூரியா கூடுதலாகப் போட்டுப் பன்னிரண்டு கண்டிருக்கிறார். நானும் போட்டிருந்தால்?

அலுவலர்: அவருடைய நிலம் வாய்க்கால் தலைப்பில், உங்கள் மேட்டைவிட உயரத்தில் இருக்கிறது. அங்கே உரமும் கூடுதல், வடிகாலும் நல்லது. எது பன்னிரண்டைக் கொடுத்தது என்று அந்த ஒரு வயலை வைத்துச் சொல்ல முடியாது. கடைக்காரர் மட்டும் தயங்காமல் சொல்லிவிடுவார்.

விவசாயி: சரி, பள்ளத்தில் தூர் குறைந்தது தண்ணீரில் மூழ்கியதாலா, யூரியா வடிகாலோடு போனதாலா?

அலுவலர்: எண்ணிப் பார்த்தும் பிரிக்க முடியாதது அதுதான். மூழ்கிய பயிர் தானாகவும் தூர் கட்டாது. தண்ணீரில் கரைந்த யூரியா வெளியேறினாலும் கட்டாது. இரண்டும் ஒரே வாரத்தில் நடந்துவிட்டன. பிரிக்க வேண்டுமென்றால், வரும் சம்பாவில் மேட்டு வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரம் ஒன்றைச் சிறு வரப்பு கட்டித் தனியாக்கி, அங்கே மட்டும் தூர் கட்டும் பருவத்து யூரியாவை நிறுத்துங்கள். வெள்ளமே இல்லாத அந்த இடத்திலும் கதிர்கள் பதினொன்றுக்கு இறங்கினால், பள்ளத்தில் குறைந்ததற்கு உரம் போனதே போதுமான காரணம். பதினாறை ஒட்டியே நின்றால், குற்றவாளி தேங்கிய தண்ணீர்.

விவசாயி: ஒரே சதுரம் போதுமா? அந்த இடத்து மண்ணே கொஞ்சம் மட்டமாக இருந்தால்?

அலுவலர்: நியாயமான கேள்வி. வயலின் மூன்று மூலைகளில் மூன்று சதுரம் போடுங்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் யூரியா போட்ட இடத்தோடு ஒப்பிடுவோம். மோசமாகப் போனாலும் சதுரத்துக்கு நான்கு கிலோ நெல்தான் நட்டம்.

விவசாயி: பன்னிரண்டு கிலோ போகட்டும். ஆனால் பள்ளத்தில் அதுவரை என்ன செய்வது?

அலுவலர்: வடிகாலை மழைக்கு முன்பே வாரிவிடுங்கள், தண்ணீரை வடித்துச் சேறு தெரிந்த பிறகே யூரியாவைப் போடுங்கள். வானிலை அறிக்கையில் மழை என்றால் நான்கு நாள் தள்ளிப் போட்டாலும் தவறில்லை. அறுவடை அன்று நானும் வருகிறேன்; இரண்டு வயல் நெல்லையும் ஒரே களத்தில் கொட்டிவிடாமல் தனித்தனியாக எடை போட்டு வையுங்கள்.