கவர் லெட்டர் வரைவு மதிப்பீடு: கிடங்கு ஸ்டாக் கண்ட்ரோலர் பணி

பார்த்தவை: கடிதத்தின் முதல் வரைவு (5 பத்தி, ஏறக்குறைய 460 சொல்), உங்கள் ரெஸ்யூமே, வேலை விளம்பரம்.
குறியீடு: சரி / பாதி / இல்லை.

இந்த வடிவில் அனுப்ப வேண்டாம். கடிதத்தில் இருக்க வேண்டியவை எல்லாம் ரெஸ்யூமேயில் தூங்குகின்றன. அவற்றை எடுத்து உரிய இடத்தில் வைத்தாலே கடிதம் நிமிர்ந்துவிடும். பொருத்தத்தை முதலில் பாருங்கள். எந்தப் பத்தி நிற்கும், எது போகும் என்பது அங்கேதான் முடிவாகும். போகப்போகிற வாக்கியத்துக்கு நடை திருத்துவது வீண் உழைப்பு.

பொருத்தம்

விளம்பரத்தின் ஒவ்வொரு தேவைக்கும் கடிதத்தில் பதில் உண்டா? பாதி.
எந்தப் பணி, நீங்கள் ஏன் பொருத்தம் என்பது முதல் மூன்று வரிக்குள் தெரிகிறதா? இல்லை.
இந்த நிறுவனத்துக்கென்றே எழுதிய வரி ஒன்றாவது உண்டா? இல்லை.

விளம்பரம் நான்கு விஷயங்களைக் கேட்கிறது: (1) சைக்கிள் கவுண்ட் நடத்திய அனுபவம், (2) 6 முதல் 8 பேர் கொண்ட குழுவை நடத்துதல், (3) எக்ஸெல் அறிக்கைகள், (4) இரவு ஷிஃப்ட். கடிதத்தின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே, அது எந்த எண்ணுக்குப் பதில் சொல்கிறதோ அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தோம். 2-க்கும் 4-க்கும் ஒரு வாக்கியம்கூட இல்லை. கல்லூரி மதிப்பெண்ணையும் இறுதியாண்டு ப்ராஜெக்டையும் பேசும் இரண்டாம் பத்தியில் ஒரு எண்ணும் விழவில்லை. அது ஏறக்குறைய 90 சொல். முழுதாக எடுத்துவிடுங்கள்.

சுழற்சி முறையில் இரண்டு ஆண்டு இரவு ஷிஃப்ட் பார்த்ததாக ரெஸ்யூமே சொல்கிறது. கடிதம் வாய் திறக்கவில்லை. இரவுப் பணியைக் கேட்கும் விளம்பரத்துக்கு அதைப் பற்றிப் பேசாமல் கடிதம் போனால், தயக்கம் இருக்கிறது என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். ஒரு வரி போதும்.

"உங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில்" என்ற சொற்கள் யாருக்கும் பொருந்தும். விளம்பரத்தின் கடைசி வரியைக் கவனியுங்கள்: இரண்டாவது கிடங்கு திறக்கப்போகிறார்கள், பழைய இருப்பில் ஒரு பகுதி அங்கே மாறுகிறது. இப்படி மாற்றும்போது வழியில் இருக்கும் சரக்கு இரண்டு இடத்துக் கணக்கிலும் ஏறிவிடும், அல்லது இரண்டிலும் விடுபட்டுப்போகும். இடம் மாறிய 1,900 உருப்படிகளின் பதிவைச் சரிபார்த்தவர் நீங்கள். ரெஸ்யூமேயின் இரண்டாம் பக்கத்தில், பட்டியலின் ஏழாவது வரியாக அது கிடக்கிறது. இந்த நிறுவனத்துக்கு உங்களிடம் இருக்கும் மிக வலுவான சான்று அதுதான். அதை ஒளித்துவைக்காதீர்கள், முதல் பத்திக்குக் கொண்டுவாருங்கள்.

குறிப்பான விவரம்

சாதனை என்று சொன்ன ஒவ்வொன்றிலும் அளவு உண்டா? இல்லை.
எப்படிச் செய்தீர்கள் என்பது தெரிகிறதா? இல்லை.
உங்கள் பங்கும் குழுவின் பங்கும் பிரிந்து தெரிகின்றனவா? இல்லை.

கடிதம் அதிகம் தோற்பது இங்கேதான். மூன்றாம் பத்தியின் மைய வாக்கியம்:

"ஸ்டாக் மேலாண்மையில் சிறப்பாகப் பணியாற்றி, பிழைகளைப் பெருமளவு குறைத்தேன்."

எதிலிருந்து எதற்குக் குறைந்தது? எவ்வளவு காலத்தில்? என்ன செய்ததால்? மூன்றுக்கும் விடை உங்கள் ரெஸ்யூமேயிலேயே இருக்கிறது. அதை வைத்து எழுதினால்:

"8,200 உருப்படிகள் உள்ள உதிரிபாகக் கிடங்கில், கணினிப் பதிவோடு ஒத்துப்போகாத உருப்படிகளை 14 மாதத்தில் 4.1 சதவீதத்திலிருந்து 1.3 சதவீதமாகக் குறைத்தோம். உருப்படிகளை மதிப்பின்படி ஏ, பி, சி என்று பிரித்து, ஏ பிரிவை மாதந்தோறும், பி பிரிவைக் காலாண்டுக்கு ஒருமுறை, சி பிரிவை அரையாண்டுக்கு ஒருமுறை எண்ணும் அட்டவணையை நான் தயாரித்தேன்."

முதல் வாக்கியத்தில் "குறைத்தோம்", இரண்டாவதில் "தயாரித்தேன்". ஏழு பேர் சேர்ந்து எண்ணியதை ஒருவர் தன் கணக்கில் எழுதிக்கொண்டால், கிடங்கு வேலை தெரிந்தவர் உடனே பிடித்துவிடுவார். "ஏழு பேர்" என்பதையும் சேர்த்துவிட்டால் விளம்பரத்தின் இரண்டாம் தேவைக்கும் பதில் கிடைத்துவிடுகிறது.

இன்னொன்று: 4.1 சதவீதம் என்பது உருப்படிகளின் எண்ணிக்கையிலா, இருப்பின் பண மதிப்பிலா? இரண்டும் வெவ்வேறு எண்கள். விலை குறைந்த ஆணிகளில் நூறு வித்தியாசமும், விலை உயர்ந்த மோட்டாரில் ஒரு வித்தியாசமும் ஒன்றல்ல. நேர்காணலில் இந்தக் கேள்வி வரும். நீங்கள் வைத்திருப்பது எண்ணிக்கைக் கணக்கு என்பதால் மேலே அதற்கேற்ற சொற்களைப் போட்டிருக்கிறோம். தற்போதைய நிறுவனத்தின் இருப்பு மதிப்பைப் பணமாக மட்டும் எழுதாதீர்கள். அது வெளியே சொல்லும் தகவல் அல்ல.

"எக்ஸெல்லில் நல்ல தேர்ச்சி" என்ற வரிக்கும் இதே சிகிச்சை. "ஸ்கேனர் பதிவையும் வரவுப் பதிவையும் VLOOKUP கொண்டு ஒப்பிட்டு, தினமும் காலையில் வித்தியாசப் பட்டியல் எடுக்கிறேன்" என்றால் தேர்ச்சி என்ற சொல்லே தேவைப்படாது.

தெளிவு

ஒரு பத்தியில் ஒரு விஷயம்? பாதி.
ஒரே வாசிப்பில் புரியும் வாக்கியங்கள்? பாதி.
கடிதமும் ரெஸ்யூமேயும் ஒத்துப்போகின்றனவா? இல்லை.

முதல் வாக்கியம் 31 சொல் ஓடுகிறது. விளம்பரத்தைப் பார்த்த கதை, உங்கள் படிப்பு, ஆர்வம் மூன்றும் அதற்குள் அடைந்திருக்கின்றன. பணியின் பெயரையும் 1,900 உருப்படி வேலையையும் மட்டும் வைத்து இரண்டாக உடையுங்கள். நான்காம் பத்தியில் வரும் "ஜிஆர்என்" கிடங்கு மேலாளருக்குப் புரியும். ஆனால் கடிதத்தை முதலில் படிப்பவர் மனிதவளத் துறையில் இருக்கலாம். "சரக்கு வரவுச் சீட்டு" என்று எழுதிவிடுங்கள்.

கடிதத்தில் "நான்கு ஆண்டு அனுபவம்" என்கிறீர்கள். ரெஸ்யூமேயின் தேதிகளைக் கூட்டினால் 3 ஆண்டு 7 மாதம் வருகிறது. எண்களைச் சரியாக வைத்திருப்பதே வேலையாக இருக்கும் பதவிக்கு இந்த ஐந்து மாத வித்தியாசம் சின்ன விஷயமாகப் படாது. "மூன்றரை ஆண்டுக்கு மேல்" என்பது உண்மை, போதுமானதும்கூட.

தொனி

சக பணியாளரிடம் பேசும் மரியாதையில் இருக்கிறதா? இல்லை.
தற்போதைய வேலையைக் குறை சொல்லாமல் இருக்கிறதா? இல்லை.

"இப்பணிக்கு என்னைவிடத் தகுதியானவர் கிடைப்பது அரிது" என்று நான்காம் பத்தியில் மார்தட்டிவிட்டு, ஐந்தாம் பத்தியில் "ஒரு வாய்ப்பு அளித்தால் என்றென்றும் கடமைப்பட்டிருப்பேன்" என்று கெஞ்சுகிறது கடிதம். இரண்டும் ஒரே காரணத்தால் வந்தவை: சான்று இல்லாத இடத்தை உணர்ச்சி நிரப்பியிருக்கிறது. மேலே சொன்ன எண்கள் உள்ளே வந்ததும் இரண்டுக்கும் வேலை இருக்காது. "தற்போதைய இடத்தில் வளர வழியில்லை" என்பதையும் நீக்குங்கள். அது உண்மையாகவே இருந்தாலும், நாளை எங்களைப் பற்றியும் இப்படித்தான் எழுதுவார் என்று படிப்பவருக்குத் தோன்றும்.

முடிவுப் பத்திக்கு ஒரு வடிவம்:

"இரண்டாவது கிடங்குக்கு இருப்பை மாற்றும் முன் எண்ணிக்கையை எப்படித் திட்டமிடலாம் என்று நேரில் பேச விரும்புகிறேன். இரண்டு ஆண்டு சுழற்சி முறையில் இரவு ஷிஃப்ட் பார்த்திருக்கிறேன், தொடர்வதில் தடையில்லை. என் நோட்டீஸ் காலம் ஒரு மாதம்."

அடுத்த வரைவை நான்கு பத்தி, 300 சொல்லுக்குள் நிறுத்துங்கள். அனுப்பும் முன் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை வெட்டுங்கள். பழைய கடிதத்தைத் திருத்தி எழுதியிருப்பதால், வேறு நிறுவனத்தின் பெயர் எங்காவது தங்கியிருக்கிறதா என்று கோப்பின் பெயர் உட்படத் தேடிவிடுங்கள்.