கார் விஷயமா

மச்சான், திருச்செந்தூர் போக கார் கேட்டிருந்தேல்ல, தர முடியாதுடா. யாருக்கும் ஓட்டக் கொடுக்கிறதில்லைன்னு வீட்ல பேசி வச்சிருக்கோம். என் மச்சினன் கேட்டப்பவும் இதேதான் சொன்னேன். நீ நல்லா ஓட்டுவ, அது பிரச்சினையே இல்ல. ஆனா போக வர 1,200 கிலோமீட்டருக்கு மேல. பம்பர்ல ஒரு கீறல் விழுந்தாக்கூட நீ காசு தரேன்னு நிப்ப, நான் வேணாம்னு நிப்பேன். அந்தச் சங்கடம் எதுக்கு?

செந்தூர் எக்ஸ்பிரஸ் எழும்பூர்லேர்ந்து நேரா திருச்செந்தூருக்கே போகுது. சீட் இல்லைன்னா தட்கல் பாரு: முந்தின நாள் ஏ.சி.க்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. ஸ்டேஷன்ல நானே இறக்கி விடுறேன். வேன்தான் வேணும்னா எங்க தெருமுனை டிராவல்ஸ் அண்ணன்கிட்ட இன்னிக்கே பேசுறேன். பாப்பாவுக்கு மொட்டை எந்தத் தேதி?