அகராதியின் முன்தாள்: பார்த்து எழுதிய படி

தஞ்சாவூர்ப் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய தமிழ் அகராதி. அட்டை கழன்றுவிட்டது. பைண்டிங்குக்குக் கொடுக்கும்போது முன்தாள் தாங்காது, தொட்டாலே ஓரம் உதிர்கிறது என்றார் பைண்டர். அதனால் அதில் உள்ளதை எழுத்து மாறாமல் இங்கே எழுதி வைக்கிறேன். குடும்பத்தார் எங்கேனும் இருப்பார்கள் என்பதால் பெயர்களை மட்டும் முதலெழுத்தாகச் சுருக்கியிருக்கிறேன். வரிகள் தாளில் உடைந்தபடியே உடைகின்றன.

வலது மேல் மூலை, பென்சில்:

2–8–0

இரண்டு ரூபாய் எட்டணா. கடைக்காரர் போட்ட விலை. ஈரம் பட்ட இடத்தில் ஊதாவாக ஊறியிருப்பதால் காப்பியிங் பென்சில்தான்.

தாளின் நடுவே, மைப் பேனா. கருநீலமாக இருந்த மை இப்போது பழுப்பு:

உ
அன்புத் தங்கை மீ.க்கு,
நீ வாத்தியாரம்மா ஆகப்போகிறாய்.
தெரியாத சொல்லைக் கண்டால்
தாண்டிப் போகாதே. நின்று பார்.
பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லிக்கொடு.
இப்படிக்கு
அண்ணன் ரா.
சென்னை, விளம்பி ௵ தை ௴ 12 ௳

விளம்பி வருடத்துத் தை என்றால் 1959 ஜனவரி. ‘நின்று’ முழுக்க மங்கிவிட்டது. மை காயுமுன் புத்தகத்தை மூடியிருக்கிறார். எதிர்ப்பக்கத்தில் அது இடம் வலம் மாறிப் பதிந்திருந்தது. கண்ணாடி பிடித்து அங்கிருந்து படித்தேன்.

அதன் கீழே வேறு கை, வேறு பேனா. பளிச்சென்ற நீல மை, நீர் பட்டுக் கலங்கியது. எழுத்துகள் குண்டுகுண்டாக, கோடு போட்ட தாளில் எழுதியதுபோல் நேராக நிற்கின்றன:

உ
கோ. மீ.
ஆசிரியப் பயிற்சி, முதலாண்டு

அண்ணன் போட்ட பிள்ளையார் சுழி மேலேயே இருக்க, தனக்கென்று ஒன்று தனியாகப் போட்டிருக்கிறார். படியில் அதை விட்டுவிடக் கூடாது.

இதே பெயரில் ‘கோ.’ மட்டும் ஒரே கோட்டில் அடிக்கப்பட்டு, அதன் தலைக்கு மேல் ‘சு.’ என்று இருக்கிறது. அப்பாவின் இனிஷியல் போய்க் கணவரின் இனிஷியல் வந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்கிறேன். இந்தத் திருத்தம் சிவப்பு மையில். நோட்டுப் புத்தகம் திருத்துகிற பேனா கையில் இருந்தபோது செய்தது போலும். தேதி இல்லை. அடித்த ‘கோ.’ இன்னும் தெளிவாகப் படிக்க முடிகிறது.

இடது ஓரம், தாளைத் திருப்பிப் பிடித்துக் குறுக்காக எழுதியது. நீலப் பால் பாயிண்ட், மறுபக்கத்தில் தடவினால் கைக்குத் தட்டுகிறது:

இந்த அகராதியை வெளியே தருவதில்லை.
வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம்.
சு. மீ., இடைநிலை ஆசிரியை
3-11-81

எழுத்து வேகமாகியிருக்கிறது, ஆனால் ‘மீ’யின் சுழிப்பு முன்பு போலவே. அவரேதான்.

இனி, கணினியில் எழுதும் இந்தப் படியில் தெரியாத ஒன்று. அண்ணன் ‘சொல்லை’, ‘பிள்ளை’ இரண்டையும் துதிக்கை போட்ட பழைய வடிவத்தில் எழுதியிருக்கிறார். 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்ததும் பள்ளிக்கூடங்களில் துதிக்கை போய்விட்டது. 1981-இல் ஆசிரியை எழுதிய ‘தருவதில்லை’யில் லை புது வடிவம். வகுப்பில் அதைத்தானே சொல்லிக்கொடுத்திருப்பார்.

ஆனால் அண்ணனின் ‘தெரியாத சொல்லைக் கண்டால் / தாண்டிப் போகாதே’ என்ற இடத்தில் மட்டும் இரண்டு பேனாக்கள் இருக்கின்றன. பழுப்பு மையின் மேல் நீலப் பால் பாயிண்ட் ஓடியிருக்கிறது. மை மங்க மங்க யாரோ மேலே எழுதியிருக்கிறார்கள். முதலில் இது சிறுபிள்ளை விளையாட்டு என்று நினைத்தேன். லென்ஸ் வைத்துப் பார்த்தால் கோடு எங்கும் பிசகவில்லை; அண்ணன் பேனாவைத் தூக்கிய இடத்தில் இவரும் தூக்கியிருக்கிறார். ‘போகாதே’யின் முடிவில் மட்டும் பால் பாயிண்ட் சற்று நீண்டு சுழிக்கிறது. ஓரத்துக் குறிப்பின் ‘வெளியே’ முடிவதும் அதே சுழிப்பில்தான். எனவே மேலே எழுதியவர் தங்கை என்று குறிக்கிறேன். ‘நின்று பார்’ என்பதன் மேல் அவர் எழுதவில்லை. அது அப்போது மங்காமல் இருந்திருக்கலாம்.

மேலே எழுதிய அந்த ‘சொல்லை’யில் லை, துதிக்கையோடு இருக்கிறது.

படியெடுத்த நாள்: 18-8-2024, பகல் வெளிச்சத்தில். தாளை ஒரு பழுப்பு உறையில் போட்டு, இந்தப் படியோடு பின்னட்டையின் உட்புறம் வைக்கிறேன். புதிய முன்தாளில் பைண்டர் எதுவும் எழுதாமல் விடச் சொல்லியிருக்கிறேன்.