படுத்தால் மூச்சு முட்டுகிறதா? நடு இரவில் திணறி எழுகிறீர்களா?

இதய பலவீனத்துக்கு எங்கள் பிரிவில் சிகிச்சை பெறுகிறவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும்

வெளிநோயாளர் பிரிவில் "ராத்திரி நல்லாத் தூங்குறீங்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் "தூங்குறேன் டாக்டர்" என்றுதான் பதில் வரும். பக்கத்தில் நிற்கிற அம்மாவோ மகளோ அப்போதுதான் வாயைத் திறப்பார்கள்: "எங்க சார் தூங்குறாரு? மூணு வாரமா ஈசி சேர்லதான் சாய்ஞ்சு கெடக்குறாரு. கட்டில்ல படுத்தா மூச்சு முட்டுதுங்கிறாரு." உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது, அதனால் தூங்குகிறேன் என்று அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் எங்களுக்குத் தெரிய வேண்டியது அந்த மூன்று வாரக் கதைதான். எக்கோ படத்தில் தெரியாத விஷயம்கூடச் சில நேரம் அதில் தெரிந்துவிடும்.

இதயச் செயலிழப்பு என்று உங்கள் சீட்டில் எழுதியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இதயம் நின்றுவிட்டது, நிற்கப் போகிறது என்று அதற்கு அர்த்தமில்லை. உடம்புக்குத் தேவையான அளவு ரத்தத்தை அதனால் சுலபமாக அனுப்ப முடியவில்லை, அவ்வளவுதான். மாரடைப்புக்குப் பிறகு தசை பலமிழந்தவர்களுக்கும், பல வருடம் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இருந்து இதயச் சுவர் விறைத்துப் போனவர்களுக்கும் இது வரும். சின்ன வயதில் மூட்டுவாதக் காய்ச்சல் வந்து வால்வு சுருங்கிப்போன பெண்களுக்கும் இதே மூச்சுத் தொல்லை வரும், குறிப்பாகக் கர்ப்ப காலத்தில். பிரசவத்தை ஒட்டி இதயத் தசை பலவீனமாகிற ஒரு நிலையும் உண்டு. அதனால் இருபத்தைந்து வயதுப் பெண் "படுத்தா மூச்சு முட்டுது" என்றால், ரத்தசோகை, அலுப்பு என்று வீட்டில் முடிவு கட்டிவிடாதீர்கள்.

படுத்தால் மட்டும் ஏன்?

நிற்கும்போதும் உட்காரும்போதும் ரத்தத்தில் ஒரு பங்கு கால்களிலும் வயிற்றிலும் தங்கி நிற்கும். மட்டமாகப் படுத்ததும் அது நெஞ்சுப் பக்கம் வந்துவிடுகிறது. ஏறக்குறைய கால் லிட்டரிலிருந்து அரை லிட்டர் வரை இருக்கும். நல்ல இதயத்துக்கு இது ஒரு பொருட்டே இல்லை, வந்ததை வந்தபடி வெளியே தள்ளிவிடும். பலமில்லாத இதயத்தின் இடது பக்கத்தால் அது முடியாது. இழுவை குறைந்த மோட்டாருக்குப் பின்னால் தொட்டி நிரம்புகிற மாதிரி, ரத்தம் பின்னோக்கித் தேங்குகிறது. அந்த இடத்துக்குப் பின்னால் இருப்பது நுரையீரல். அங்குள்ள நுண்ணிய ரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறி, நீர் கசிந்து, நுரையீரல் கனத்து விறைக்கிறது. படுத்த சில நிமிடங்களிலேயே மூச்சு முட்டுவது இதனால்தான். எழுந்து உட்கார்ந்ததும் ரத்தம் மறுபடி கீழே இறங்க, மூச்சு சமப்படுகிறது.

உடம்பு தானாகவே இதற்கு வழி தேடிக்கொள்ளும். ஒரு தலையணை இரண்டாகும், இரண்டு மூன்றாகும். அப்புறம் சுவரில் சாய்வது, அப்புறம் நாற்காலி. இந்த மாற்றம் மெதுவாக நடப்பதால் பலருக்கு அது நோயாகவே தோன்றுவதில்லை. போன மாதம் எத்தனை தலையணை, இப்போது எத்தனை என்று நாங்கள் கேட்பது விளையாட்டுக்கில்லை. பழக்கத்துக்காக இரண்டு தலையணை வைப்பது வேறு, ஒன்றை எடுத்தால் மூச்சு முட்டும் என்பதற்காக வைப்பது வேறு. எங்களுக்கு வேண்டியது இரண்டாவது.

குனிந்து செருப்பு வாரை மாட்டும்போதோ கோலம் போடும்போதோ அரை நிமிடத்துக்குள் மூச்சு முட்டினால் அதையும் சொல்லுங்கள். அதற்கும் காரணம் ஏறக்குறைய இதுவே.

தூங்கிய பிறகு திணறி எழுவது

இது இன்னும் கொஞ்சம் பயமுறுத்தும். படுக்கும்போது ஒன்றும் தெரியாது, நன்றாகத் தூங்கியும்விடுவீர்கள். ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து யாரோ கழுத்தைப் பிடித்த மாதிரி திடுக்கிட்டு எழுந்து, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும். காற்று போதவில்லை என்று ஜன்னலைத் திறக்க ஓடுவீர்கள். சிலருக்கு இருமலும் இழுப்பும் சேர்ந்து வரும், வேர்த்துக் கொட்டும். உட்கார்ந்தாலும் உடனே அடங்காது, பதினைந்து இருபது நிமிடம், அரை மணி நேரம்கூட ஆகும். "அமுக்குவான் பேய்" என்று தாயத்துக் கட்டிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. தாயத்து இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும்.

தாமதமாக வருவதற்குக் காரணம் உண்டு. பகல் முழுக்கக் கால்களில் இறங்கி வீக்கமாக நின்ற நீர், படுத்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ரத்தத்துக்குத் திரும்புகிறது. அதற்கு நேரம் பிடிக்கும். தூக்கத்தில் மூளையின் மூச்சுக் கட்டுப்பாடும் மந்தமாக இருப்பதால், நுரையீரல் நன்றாக நீர் கோர்த்த பிறகே அது விழித்துக்கொள்கிறது. இரவில் இரண்டு மூன்று தடவை சிறுநீருக்கு எழுவதற்கும் திரும்பி வருகிற இந்த நீர் ஒரு காரணம். புராஸ்டேட் கோளாறு, சர்க்கரை என்று மட்டும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

எல்லா இரவு மூச்சுத்திணறலும் இதயத்தால் வருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஆஸ்துமா விடியற்காலையில் கூடும், இன்ஹேலருக்கு அடங்கும். நாள்பட்ட பீடிப் பழக்கத்தால் நுரையீரல் கெட்டவர்களுக்குச் சளியை இருமித் துப்பியதும் லேசாகும். பெரிய குறட்டையோடு மூச்சு நின்று, விக்கித்து எழுந்து, சில நொடியில் சரியாகி மறுபடி தூங்கிவிடுவது குறட்டை நோய். புளித்த ஏப்பத்தோடு எழுந்தால் வயிற்று அமிலமாக இருக்கலாம். ஒருவருக்கே இரண்டு மூன்று சேர்ந்தும் இருக்கும். எது என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம். இதய நோயால் வருகிற இழுப்பை வீசிங் என்று எண்ணி, மருந்துக்கடையில் சிரப் வாங்கிக் குடித்து நாளைக் கடத்துவதுதான் நாங்கள் அடிக்கடி பார்க்கிற தவறு. இசிஜி, நெஞ்சு எக்ஸ்ரே, எக்கோ, தேவைப்பட்டால் ஒரு ரத்தப் பரிசோதனை, இவற்றில் விஷயம் பெரும்பாலும் தெளிவாகிவிடும். எக்கோவில் இதயத்தின் சுருங்கும் சக்தி 60 சதவீதம், நார்மல் என்று வந்தாலும் இதய பலவீனம் இல்லை என்று ஆகிவிடாது. விறைத்த இதயம் நன்றாகச் சுருங்கும், ஆனால் நன்றாக விரியாது.

அந்த நேரத்தில் என்ன செய்வது?

எழுந்து உட்காருங்கள். கட்டில் ஓரத்தில் காலைக் கீழே தொங்கவிட்டு, முன்னால் ஒரு மேசையிலோ தலையணையிலோ கைகளை ஊன்றிக்கொள்ளுங்கள். ஜன்னலைத் திறக்கலாம், மின்விசிறியை வைக்கலாம். வீட்டில் இருப்பவர்கள் தயவுசெய்து "படுத்து ரெஸ்ட் எடுங்க" என்று சாய்க்காதீர்கள். கால் வீங்கியிருக்கிறது என்று அந்த நேரத்தில் காலைத் தூக்கி வைக்கவும் வேண்டாம். தைலம் தேய்ப்பது, கஷாயம் கொடுப்பது, சொம்பு நிறையத் தண்ணீர் கொடுப்பது எதுவும் வேண்டாம். மூச்சு முட்டினால் கூடுதலாக நீர் மாத்திரை போடச் சொல்லி உங்கள் மருத்துவர் சீட்டில் எழுதியிருந்தால், எழுதிய அளவு மட்டும் போடுங்கள்.

உட்கார்ந்தும் சில நிமிடத்தில் குறையத் தொடங்கவில்லையென்றால் 108-ஐ அழையுங்கள். நெஞ்சு வலி, நுரையாகவோ இளஞ்சிவப்பாகவோ சளி, உதடு நீலமாவது, குளிர்ந்த வியர்வை, ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறுவது, பேச்சு குழம்புவது, மயக்கம், இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கவே கூடாது. இரு சக்கர வண்டியில் நடுவில் உட்காரவைத்துக் கூட்டி வருவதைவிட ஆம்புலன்ஸ் நல்லது, வழியிலேயே ஆக்சிஜன் கிடைக்கும். தானாக அடங்கிவிட்டாலும், இதுதான் முதல் தடவை என்றால் விடிந்ததும் வந்துவிடுங்கள். அடுத்த முறை பார்க்கும் தேதிவரை தள்ளிப் போடாதீர்கள்.

அந்த இரவு வராமல் இருக்க

நீர் கோர்ப்பது மூச்சில் தெரிவதற்குச் சில நாள் முன்பே எடையில் தெரிந்துவிடும். தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடுவதற்கு முன், அதே எடை மெஷினில், அதே மாதிரி லேசான உடையில் எடை பாருங்கள். காலண்டர் தாளிலேயே எழுதிவிடலாம். மூன்று நாளுக்குள் 2 கிலோ ஏறினால் அது சோறு போட்ட சதை இல்லை, நீர். அன்றே வாருங்கள்.

உப்பு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். கையால் போடுகிற உப்பைக் குறைத்துவிட்டு ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய், வத்தல், மிக்சர் என்று சாப்பிட்டால் கணக்கு உதைக்கும். பழைய சோற்றுக்குக் கருவாடு இல்லாமல் இறங்காது என்பவர்களுக்குச் சின்ன வெங்காயம்தான் எங்கள் பதில். கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் இருக்கும். நீங்கள் சாப்பிடுகிற சில இதய மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றும் என்பதால், கேட்காமல் வாங்காதீர்கள்.

மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வாங்குகிற டைக்ளோஃபினாக், ஐப்யூபுரூஃபன் மாத்திரைகள் உடம்பில் நீரைத் தேக்கும். நன்றாக இருந்தவர் திடீரென்று இரவில் திணற ஆரம்பித்தால் நாங்கள் முதலில் கேட்பதில் இதுவும் ஒன்று. மற்றொன்று, "கல்யாணத்துக்குப் போனேன், வழியில் பாத்ரூம் கிடையாது, அதனால நீர் மாத்திரையை ரெண்டு நாள் விட்டுட்டேன்." பிரயாணம் இருந்தால் எந்த நேரத்தில் போடலாம் என்று முன்கூட்டியே எங்களிடம் கேளுங்கள், மாற்றித் தருகிறோம். வழக்கமாகக் காலையில் போட்டால் இரவுத் தூக்கம் கெடாது. இரண்டு வேளை என்றால் இரண்டாவதை மாலை நான்கு மணிக்குள் முடித்துவிடலாம்.

மூச்சு நன்றானதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய. நீர் மாத்திரை தேங்கியதை வடிக்கிறது. மற்றவை இதயத்தை மேலும் மோசமாகாமல் காப்பவை, அவற்றின் வேலை உங்களுக்கு உடனே தெரியாது. மாத்திரை தொடங்கிய பிறகு வறட்டு இருமல் வந்தாலோ, எழுந்து நின்றால் தலை சுற்றினாலோ சொல்லுங்கள், மாற்று உண்டு.

இதய பலவீனத்துக்கான தனிப் பிரிவு செவ்வாய், வெள்ளி காலை 8 மணி முதல் நடக்கிறது. வரும்போது எடை எழுதிய தாள், சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டைகளும் (நாட்டு மருந்து, வலி மாத்திரை உட்பட), பழைய எக்கோ ரிப்போர்ட், இவற்றோடு இரவில் உங்கள் பக்கத்தில் படுக்கிற ஒருவரையும் கூட்டி வாருங்கள். இரவில் திணறல் வந்திருந்தால் டோக்கன் வரிசையில் நிற்க வேண்டாம், நேரே வாசலில் இருக்கும் நர்ஸிடம் சொல்லுங்கள்.