தோள்சீலை ஆய்வில் மிஷன் ஆவணங்களைக் கையாண்ட முறை: ஒரு குறிப்பு

தென் திருவிதாங்கூரில் 1814 முதல் 1859 வரை நாடார் முதலிய சமூகப் பெண்களின் மேலாடை குறித்து எழுந்த மோதல்களை அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டாரங்களை மையமாக வைத்து நாங்கள் ஆராய்ந்து வருகிறோம். இந்த ஆய்வின் பெரும்பகுதி லண்டன் மிஷனரி சங்கத்தின் ஆவணங்களைச் சார்ந்திருக்கிறது. அவற்றை நாங்கள் எப்படி வாசித்தோம், எந்த இடத்தில் நம்பினோம், எந்த இடத்தில் தயங்கினோம் என்பதை இயல்களுக்கு முன்பே எழுதி வைப்பது வாசகருக்கு நாங்கள் செலுத்த வேண்டிய கடன் என்று கருதுகிறோம்.

இந்த ஆவணங்களை ஒதுக்கிவிட்டு இந்த வரலாற்றை எழுத முடியாது. மயிலாடியிலிருந்து பணியாற்றிய ரிங்கல்டௌபே, 1818 முதல் நாகர்கோவிலில் இருந்த மீட், அவருக்குப் பின் வந்த மால்ட் முதலியோர் அனுப்பிய கடிதங்கள் ஊர்ப்பெயர், சம்பவம், பாதிக்கப்பட்டவர் நிலை ஆகியவற்றைச் சொல்கின்றன. திருவிதாங்கூர் அரசின் கோப்புகள் பல இடங்களில் "கலகம்" என்ற ஒரே சொல்லுடன் நின்றுவிடும்போது, மிஷன் கடிதம் எரிந்த பள்ளிக்கூடத்தையும் சந்தையில் சேலை கிழிக்கப்பட்ட பெண்ணையும் நம் கண்முன் கொண்டுவருகிறது. ஆனால் அந்தக் கடிதத்தை எழுதியவர் வெறும் சாட்சி அல்லர். அவர் வழக்கில் ஒரு தரப்பு. திருவிதாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடென்ட் கர்னல் மன்றோவின் காலத்தில் மீட் நாகர்கோவிலில் சிவில் நீதிபதியாகவும் சிறிது காலம் நியமிக்கப்பட்டிருந்தார் என்பதை நினைவில் கொண்டால், சமயப்பணியாளரின் கடிதமும் அதிகாரத்தின் மொழியும் எவ்வளவு நெருங்கியிருந்தன என்பது விளங்கும்.

எங்கள் முதல் விதி, ஒரு தகவல் எத்தனை படிகளைக் கடந்து நம்மிடம் வந்திருக்கிறது என்று எண்ணுவது. ஒரு கிராமத்தில் நடந்ததை உபதேசியார் தமிழில் வாய்மொழியாகவோ எழுத்திலோ மிஷனரியிடம் சொல்கிறார். மிஷனரி அதை ஆங்கிலத்தில் சுருக்கிக் கடிதமாக்குகிறார். கடிதம் மாதக்கணக்கில் கடல் கடந்து லண்டன் போகிறது. அங்கே பதிப்பாசிரியர் அதிலிருந்து காணிக்கை தரும் வாசகர் மனம் நெகிழும் பகுதியை எடுத்து மாத இதழில் அச்சிடுகிறார். பிறகு ஆண்டறிக்கையில் அது இன்னும் சுருங்கி இரண்டு வரியாகிறது. மூலக் கடிதம் இன்று லண்டன் பல்கலைக்கழகத்தின் சோவாஸ் நூலகத்தில், பெட்டி, உறை, மடிப்பு என்ற வரிசையில் இருக்கிறது. இதழும் அறிக்கையும் இணையத்தில் எளிதில் கிடைக்கின்றன. எளிதில் கிடைப்பதே பலமுறை மேற்கோளாகிறது என்பதுதான் இந்தத் துறையின் பெரிய இடர். எனவே அச்சுப் பிரதியை மட்டும் பார்த்த இடங்களில் "இதழில் உள்ளபடி" என்று குறிப்பிடுகிறோம். கடிதத்தையும் பார்த்திருந்தால் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்கிறோம்.

இந்த விதி எங்கள் தவறிலிருந்து பிறந்தது. தொடக்கத்தில் நாங்கள் தயாரித்த சம்பவப் பட்டியலில் ஒரே சிற்றாலயம் எரிந்ததை மூன்று தனித் தாக்குதல்களாகப் பதிவு செய்திருந்தோம். கடிதத்தில் ஊர்ப்பெயர் ஒருவிதமாகவும், இதழில் வேறுவிதமாகவும், அறிக்கையில் ஊர்ப்பெயரே இன்றியும் இருந்ததால், மூன்றும் வெவ்வேறு என்று நினைத்துவிட்டோம். வன்முறையின் அளவை அது பெரிதாக்கிக் காட்டியது. இப்போது ஒரு சம்பவத்துக்கு ஒரு அட்டை; அதற்குள்ளே எத்தனை ஆவணங்கள் இருந்தாலும் அவை வரிசையாகச் சேர்க்கப்படுகின்றன. எங்கள் பட்டியலின் எண்ணிக்கை குறைந்தது. ஆனால் உண்மையில் துன்பப்பட்டவர்களை நாங்கள் குறைத்துவிடவில்லை என்பதை உறுதிசெய்வதற்காக ஒவ்வொரு இணைப்பையும் இருவர் தனித்தனியே சரிபார்த்தோம்.

அரசாணைகளின் தேதிகள் கொல்லம் ஆண்டில் இருப்பதால், கடிதத்துடன் பொருத்திப் பார்க்கும்போது கவனம் தேவை. ஆங்கில ஆண்டைப் பெற, மலையாள மாதமான சிங்கம் முதல் தனு நடுவரை 824-ஐயும் அதன் பின்னர் 825-ஐயும் கூட்ட வேண்டும். மேலாடை குறித்த 1829 பிப்ரவரி அறிவிப்பு கொல்லம் 1004-ஐச் சேர்ந்தது. 824-ஐ மட்டும் கூட்டிவிட்டால் அது ஓராண்டு முன்னரே நடந்ததாகிவிடும்.

எங்களை அதிக நாள் நிறுத்தி வைத்தது ஒரு சொல்தான். மிஷன் கடிதங்களில் மீண்டும் மீண்டும் வருவது "ஒழுக்கம்", "நாணம்" என்னும் பொருள் தரும் ஆங்கிலச் சொற்கள். அவற்றின் வழியாகவே படித்தால், உடல் மறைக்க விரும்பிய பெண்களுக்கும் அதைத் தடுத்த மேல்சாதியாருக்கும் இடையிலான சண்டை என்ற ஒரே சித்திரம்தான் கிடைக்கும். ஆனால் ஆணைகளை அருகில் வைத்து வாசித்தால் இரண்டு வேறு ஆடைகள் தெரிகின்றன. ஒன்று குப்பாயம் என்னும் சட்டை. சிரியன் கிறிஸ்தவப் பெண்களும் மாப்பிளைப் பெண்களும் அணிவதுபோல் கிறிஸ்தவப் பெண்கள் அணியலாம் என்று 1814இல் அனுமதிக்கப்பட்டது அதுவே. மற்றொன்று தோளின் மேல் போட்டுக்கொள்ளும் மேல்சீலை. நாயர் பெண்கள் அணியும் முறை அது. 1829 அறிவிப்பு முன்னதை அனுமதித்துப் பின்னதை மறுத்தது. 1859 ஜூலை 26 அறிவிப்பும் மார்பை மறைக்க வழிவிட்டுவிட்டு, மேல்சாதிப் பெண்களைப் போல் உடுத்தக்கூடாது என்ற தடையை வைத்துக்கொண்டது.

அப்படியானால் பெண்கள் சட்டையோடு நின்றுவிடாமல் சீலையைத் தோளில் போட்டது ஏன்? நாணத்துக்காக மட்டும் என்றால் சட்டை போதும். சீலை மரியாதையின் அடையாளம். அதைப் போட்டவர் "நானும் உனக்கு நிகர்" என்று தெருவில் சொல்லாமல் சொல்கிறார். மிஷனரிகள் இதை அறியாதவர்கள் அல்லர். ஆயினும் லண்டன் வாசகருக்கு நாணத்தின் மொழியே எளிதில் புரிந்தது. ஆகவே "நாணம்" என்று வரும் ஒவ்வொரு இடத்திலும் அங்கே பேசப்படும் துணி எது என்று கேட்கிறோம். கடிதம் அதைத் தெளிவாகச் சொல்லவில்லை என்றால் அந்தக் கடிதத்தை ஆடை பற்றிய சான்றாக எண்ணாமல், மிஷனரி தம் வாசகரை எப்படிக் கருதினார் என்பதற்கான சான்றாகவே வைக்கிறோம். சார்பு கொண்ட ஆவணம் பயனற்றதாகிவிடாது. அது எதற்குச் சான்று என்ற இடம்தான் மாறுகிறது.

இதே கேள்வியை எதிர்த்தரப்பிடமும் கேட்க வேண்டியிருக்கிறது. ரெசிடென்ட் கல்லன் காலத்து அரசுக் கடிதங்கள் மிஷனரிகளின் குறுக்கீட்டைப் பேசுகின்றன. திவான் மாதவராவ் காலக் கோப்புகள் பொது அமைதியின் மொழியில் எழுதப்பட்டவை. அவற்றுக்கு நிதானமான தொனி இருப்பதால் நடுநிலை என்று தோன்றும். அது தோற்றம்தான். யாருடைய வழக்கம் "பழைய வழக்கம்" என்று எழுதப்படுகிறது என்பதிலேயே சார்பு உட்கார்ந்திருக்கிறது.

கால்டுவெல் 1849இல் திருநெல்வேலிச் சாணார் பற்றி ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலை நாங்கள் மிகுந்த எச்சரிக்கையுடன் அணுகுகிறோம். அது இடையன்குடி வட்டாரத்தில் இருந்தவர் எழுதியது. திருவிதாங்கூருக்கு அதை அப்படியே பொருத்துவது முதல் பிழை. ஒரு சமூகத்தின் அறிவையும் ஒழுக்கத்தையும் இழிவாக மதிப்பிடும் பகுதிகளை அந்தச் சமூகத்தைப் பற்றிய தகவலாக எடுத்தாள்வது இரண்டாவது பிழை, அதைவிடப் பெரியது. அந்த நூல் அச்சமூகத்துக்குள் கடும் எதிர்ப்பை எழுப்பியது. 1857இல் ஆங்கிலிக்கச் சபையிலிருந்து பிரிந்து தனிச்சபை கண்ட சட்டம்பிள்ளை அவ்வெதிர்ப்பின் முக்கியக் குரல். நாங்கள் கால்டுவெல்லை மேற்கோள் காட்டும் ஒவ்வொரு இடத்திலும், அவருக்கு எழுந்த மறுப்பையும் அதே பத்தியில் தருகிறோம், அடிக்குறிப்பில் ஒதுக்குவதில்லை.

சாதிப்பெயர் குறித்து: ஆவணங்களில் உள்ள "சாணார்" என்ற பழைய பெயர் நேரடி மேற்கோளிலும் நூற்பெயரிலும் மட்டுமே வரும். எங்கள் சொந்த வாக்கியங்களில் "நாடார்" என்றே எழுதுகிறோம். இதிலும் ஒரு விலை இருக்கிறது. அந்நாளில் அப்பெயர் நிலவுடைமைக் குடும்பங்களுக்கு உரிய பட்டமாக இருந்தது. எல்லோருக்கும் அதைச் சூட்டினால் பனையேறிக்கும் நிலவுடைமையாளருக்கும் இருந்த இடைவெளி மறைகிறது. எனவே தொழிலும் நிலமும் தெரிந்த இடங்களில் அவற்றைச் சேர்த்தே சொல்கிறோம்.

எதிரியைப் பற்றி ஒருவர் வேண்டாவெறுப்பாக ஒப்புக்கொள்வது வலுவான சான்று. அய்யாவழியைத் தோற்றுவித்த அய்யா வைகுண்டரை லண்டன் மிஷனரி சங்கத்தின் அறிக்கைகள் ஏமாற்றுக்காரர் என்ற தொனியில் குறிப்பிடுகின்றன. அந்த வசையை நாங்கள் எடுப்பதில்லை. ஆனால் அவருடைய வழியில் சென்றவர்களால் சபை வளர்ச்சி தடைப்பட்டதாக அதே அறிக்கை வருந்தும்போது, அவருடைய செல்வாக்கின் பரப்பை அது தன்னையறியாமல் பதிவு செய்கிறது. மேலாடைக்கான ஆசை மதமாற்றத்தால் மட்டும் வந்தது என்ற மிஷன் கதையை இது அசைக்கிறது. அவ்வழியின் புனித நூலான அகிலத்திரட்டையும், அவ்வழியினர் தலைப்பாகை கட்டி வழிபடும் மரபையும் சேர்த்து வாசிக்கும்போதுதான் சபைக்கு வெளியே நடந்த தன்மானப் போராட்டம் தெரிகிறது.

இனி மௌனங்கள். மிஷன் கடிதங்களில் உபதேசியார்களுக்குப் பெரும்பாலும் பெயர் உண்டு. அவர்களின் மனைவியருக்கு இல்லை. புலையர், பறையர் பெண்களின் ஆடை பற்றிய குறிப்பு மிகச் சிலவே, ஆனால் தடை அவர்கள் மீதும் இருந்தது. ஒரு சபையின் அனுமதியுடன் நாங்கள் பார்த்த ஞானஸ்நானப் பதிவேட்டில் தேதி, பழைய பெயர், புதிய பெயர், ஊர் என்ற கட்டங்கள் இருந்தன. ஒரு வரியில் இசக்கியம்மை என்ற பெயர் அடிக்கப்படாமலே நிற்க, பக்கத்துக் கட்டத்தில் மரியாள் என்று எழுதப்பட்டிருந்தது. அடுத்த பக்கங்களிலிருந்து அவர் மரியாள் மட்டுமே. பதிவேட்டின் பின்பகுதியை மட்டும் பார்த்திருந்தால், அவர் இசக்கியை வணங்கிய வீட்டிலிருந்து வந்தவர் என்பதே நமக்குத் தெரிந்திருக்காது. எனவே பெண்களின் பெயர் இரண்டும் கிடைத்தால் இரண்டையும் எழுதுகிறோம். கணவர் பெயரால் மட்டுமே அறியப்படுபவரை "பெயர் பதியப்படாத பெண்" என்று வெளிப்படையாகக் குறிக்கிறோம். பதிவேட்டின் படத்தை வெளியிடுவதில்லை. இன்றும் அதே ஊரில் வாழும் குடும்பங்களுக்கு அந்தப் பக்கம் என்ன பொருள் தரும் என்பதை வெளியிலிருந்து நாங்கள் தீர்மானிக்க முடியாது.

இழிவுச்சொல் உள்ள மேற்கோள்களை, வாதத்துக்கு அவை இன்றியமையாதவையாக இருந்தால் மட்டும் முழுமையாகத் தருகிறோம். தேவையில்லாத இடத்தில் பொழிப்புரை போதும். மொழிபெயர்ப்பில் ஆங்கிலச் சொல்லின் கடுமையை மழுக்குவதும் இல்லை, கூட்டுவதும் இல்லை. "வெறுக்கத்தக்க" என்று எழுதியிருந்தால் "விரும்பத்தகாத" ஆக்கமாட்டோம்.

ஒவ்வொரு இயலின் வரைவும் அச்சுக்குப் போகும் முன் மூன்று வாசகர்களிடம் போகிறது: சபை வரலாறு அறிந்த மூத்த உபதேசியார் ஒருவர், அய்யாவழிக் குடும்பத்தைச் சேர்ந்த ஆசிரியை ஒருவர், மலையாளக் கோப்புகளில் பழகிய ஆவணக்காப்பக ஊழியர் ஒருவர். இரண்டாம் இயலை வாசித்த ஆசிரியை, "சேலை கிழிக்கப்பட்டது" என்று நாங்கள் எழுதியிருந்த எல்லா இடங்களையும் பென்சிலால் வட்டமிட்டு, கிழித்தவர் யார் என்று ஓரத்தில் கேட்டிருந்தார். செயப்பாட்டு வினை ஆங்கிலக் கடிதத்திலிருந்து எங்கள் தமிழுக்குள் நுழைந்திருந்தது. மூலத்துக்குத் திரும்பிச் சென்று, பெயரோ பதவியோ கிடைத்த இடங்களில் எழுவாயைச் சேர்த்தோம். கிடைக்காத இடங்களில் "செய்தவரைக் கடிதம் சொல்லவில்லை" என்று எழுதினோம்.